இட்லி மாவுத் தொழில் திட்டம்: ஒரு மாணவரின் கேள்விகளும் வழிகாட்டியின் பதில்களும்

கோவையில் உணவுத் தொழில்நுட்பம் கடைசி ஆண்டு படிக்கும் ஒரு மாணவர், பாக்கெட் இட்லி மாவு விற்கும் தொழில் திட்டத்தை எனக்கு அனுப்பியிருந்தார். ஒவ்வொரு பகுதியின் ஓரத்திலும் ஒரு கேள்வி எழுதி, தயங்காமல் குறை சொல்லச் சொன்னார். அதற்கு நான் எழுதிய பதில் கடிதம் இது. அவருடைய கேள்விகளை அவர் எழுதியபடியே மேலே வைத்திருக்கிறேன்.

முதலில் ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் சார், திட்டம் தேறுமா?

இப்போது இருக்கிற வடிவில் தேறாது, தம்பி. மாவு நன்றாக இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நீங்கள் கொடுத்துவிட்ட பாக்கெட்டில் இட்லி ஊற்றிப் பார்த்தோம், வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பல பக்கம் எழுதியும், கடையில் விற்காமல் திரும்பி வரும் பாக்கெட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்தத் தொழிலில் லாபமும் நஷ்டமும் அந்த ரிட்டனில்தான் முடிவாகிறது. கீழே எந்தப் பகுதியைத் தொட்டாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘பிரச்சினை’ என்ற பகுதியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாவு ஆட்ட நேரமில்லை என்று எழுதியிருக்கிறேன். அறுபது பேரிடம் ஆன்லைனில் கருத்துக் கேட்டேன். போதுமா?

போதாது. அந்த அறுபது பேரில் பெரும்பாலோர் உங்கள் கல்லூரி நண்பர்கள் என்பது படிவத்தைப் பார்த்தாலே தெரிகிறது. “தரமான மாவு கிடைத்தால் வாங்குவீர்களா?” என்று நண்பன் கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்?

கேள்வியை மாற்றுங்கள். போன வாரம் எந்தக் கிழமை மாவு வாங்கினீர்கள், எந்தக் கடையில், எவ்வளவு கொடுத்தீர்கள், அன்றைக்கு ஏன் வீட்டில் ஆட்டவில்லை? நடந்து முடிந்ததைக் கேட்டால் பொய் குறையும். இதை மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு மளிகைக் கடை வாசலில் நின்று, மாவு பாக்கெட்டைக் கையில் எடுப்பவர்களிடம் கேளுங்கள். வேலைக்குப் போகும் பெண்கள் இருப்பார்கள்தான். அவர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள், வாடகை வீட்டில் கிரைண்டர் வைக்க இடமில்லாத புதுத் தம்பதிகள், வீட்டு மாவு தீர்ந்துபோய் நாளைக் காலைக்கு என்ன செய்வது என்று அவசரமாக வந்தவர்கள் எல்லாரும் இருப்பார்கள். அவசரத்துக்கு வாங்குகிறவர் வாரம் ஒருமுறைகூட வரமாட்டார். அறை எடுத்துத் தங்கியிருப்பவர் வாரம் இரண்டு முறை வருவார், ஆனால் அரைக் கிலோதான் கேட்பார். உங்கள் திட்டத்தில் ஒரு கிலோ பாக்கெட் மட்டும்தான் இருக்கிறது.

சந்தை அளவு: தமிழ்நாட்டில் 7 கோடிப் பேர், அதில் ஒரு சதவீதம் பேர் வாங்கினாலே 7 லட்சம் வாடிக்கையாளர். இது தவறா?

மக்கள்தொகைக் கணக்கில் தவறில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர். ஆனால் அந்த ஒரு சதவீதம் எங்கிருந்து வந்தது? யாரும் உங்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கவில்லை. இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, ஒரு வண்டியிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

மாவு அதிகம் விற்பது மாலை ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில். அதற்குள் பாக்கெட் கடைக் குளிர்பெட்டியில் இருந்தாக வேண்டும். ஒரு கடையில் வண்டியை நிறுத்தி, பழைய பாக்கெட்டை எண்ணி, புதியதை வைத்து, பில் எழுதி, பணம் வாங்கிப் புறப்பட, அடுத்த கடைக்குப் போகும் நேரத்தையும் சேர்த்தால் ஆறு நிமிடமாவது ஆகும். ஒரு மணிக்குக் கிளம்பினால் ஐந்து மணிக்குள் நாற்பது கடை. கடைக்குச் சராசரியாக ஐந்து பாக்கெட் வைத்தால் 200 பாக்கெட். முதல் ஆண்டில் உங்கள் சந்தை இவ்வளவுதான். சிறியதாகத் தெரியலாம், ஆனால் ஒவ்வொரு எண்ணையும் நீங்களே போய்ச் சரிபார்க்க முடியும். முதலீட்டாளர் கேள்வி கேட்டால் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லலாம், 7 லட்சத்துக்குச் சொல்ல முடியாது.

தயாரிப்பு: எங்கள் மாவு 15 நாள் கெடாது என்று எழுதியிருக்கிறோம். ஆய்வகத்தில் சோதித்தோம், வந்தது. இதிலும் குறை உண்டா?

இங்கேதான் அதிகக் குறை. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்த பாடம்தான். அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மாவைப் புளிக்க வைக்கின்றன. அவற்றில் லியூகோநாஸ்டாக் வகை வாயுவையும் விடுகிறது. உளுந்தின் புரதமும் பசையும் அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் இட்லி பூவாக வருகிறது. குளிர் இந்த வேலையை மெதுவாக்கும், நிறுத்தாது. உங்கள் ஆய்வகக் குளிர்பெட்டி இரவும் பகலும் 4 டிகிரியில் நிற்கிறது. அங்கே 15 நாள் வந்ததில் ஆச்சரியமில்லை.

கடையில் நடப்பது வேறு. மளிகைக் கடையில் உங்கள் மாவு உட்காரப்போவது குளிர்பான நிறுவனம் கொடுத்த கண்ணாடிக் கதவுப் பெட்டியில். அதன் கதவை மாலையில் நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பார்கள். சில கடைக்காரர்கள் இரவு கடையைப் பூட்டும்போது மெயினையே அணைத்துவிட்டுப் போவார்கள், மின் கட்டணம் அவர் கவலை. ஏப்ரல், மே மாதத்தில் விடிவதற்குள் மாவு பொங்கி, பாக்கெட் தலையணை மாதிரி உப்பிவிடும். உப்பிய பாக்கெட்டை வாடிக்கையாளர் தொடமாட்டார். மாவு உண்மையில் கெட்டிருக்காது, கொஞ்சம் புளித்திருக்கும், தோசைக்கு அருமையாக இருக்கும். ஆனால் அதைக் கடையில் நின்று விளக்க நீங்கள் இருக்கப்போவதில்லை. அது ரிட்டன்.

சோதனையைக் கடையில் செய்யுங்கள். மூன்று விதமான கடை எடுங்கள்: நாள் முழுவதும் பெட்டி ஓடும் சூப்பர்மார்க்கெட், நடுத்தர மளிகைக் கடை, இரவில் அணைக்கும் சின்னக் கடை. ஒவ்வொன்றிலும் ஒரே நாள் ஆட்டிய எட்டு பாக்கெட்டைக் காசு கொடுத்தாவது வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு சாதாரண வெப்பமானியும் இருக்கட்டும். முதல் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள் இரண்டிரண்டு பாக்கெட் எடுத்து வந்து பி.எச். பாருங்கள், உப்பல் எவ்வளவு என்று அளவுகோலால் அளந்து எழுதுங்கள், இட்லி ஊற்றித் தின்று பாருங்கள். நன்றாகப் புளித்த மாவு பி.எச். 4.5 பக்கம் இருக்கும். அதற்குக் கீழே இறங்க இறங்க நாக்கு புளிப்பைக் கண்டுபிடித்துவிடும். மூன்று கடையிலும் மோசமான கடை எத்தனை நாள் தாங்குகிறதோ அதிலிருந்து ஒரு நாளைக் கழித்து, அந்த எண்ணைப் பாக்கெட்டில் அச்சிடுங்கள். என் ஊகம், 15 என்பது 5 அல்லது 6 ஆகும். அப்படியானால் வாரம் ஒருமுறை விநியோகம் என்று நீங்கள் எழுதியிருப்பதும் சேர்ந்து விழுந்துவிடும்.

வாயு வெளியேற ஒருவழி வால்வு வைத்த பாக்கெட் கிடைக்கிறது. அது உப்பலைக் குறைக்கும், புளிப்பைக் குறைக்காது. விலையைக் கேட்டு, கீழே வரும் கணக்கில் போட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அப்புறம், பாக்கெட்டில் அளவை எடையாகத்தான் எழுத வேண்டும். ‘ஒரு லிட்டர் மாவு’ என்று மாதிரிப் பாக்கெட்டில் போட்டிருக்கிறீர்கள். புளிக்கும்போது கொள்ளளவு மாறும், எடைதான் நிற்கும்.

போட்டியாளர்கள் பகுதியில் ஐடி ஃப்ரெஷ் மட்டும் எழுதியிருக்கிறோம். வேறு யாரை எழுதுவது?

2005இல் பெங்களூரில் முஸ்தபாவும் அவர் உறவுக்காரச் சகோதரர்களும் தொடங்கிய நிறுவனம் அது. அவர்களைப் பார்த்துப் படிக்க நிறைய இருக்கிறது. ஆனால் உங்கள் தெருவில் உங்களுக்குப் போட்டி அவர்கள் இல்லை.

முதல் போட்டி, தெருமுனையில் பாத்திரம் கொண்டுபோனால் அளந்து ஊற்றும் அக்கா. அவருக்குப் பாக்கெட் செலவு இல்லை, கடைக் கமிஷன் இல்லை, வண்டி இல்லை. மிச்ச மாவை மறுநாள் காலை அவரே தோசையாக ஊற்றி விற்றுவிடுகிறார். ரிட்டனே இல்லாத தொழில்! இரண்டாவது போட்டி வீட்டுக் கிரைண்டர். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் கோவை. அந்த ஊரில் மாவு விற்கப் போகிறீர்கள் என்பதைத் திட்டத்தில் எங்கேயாவது ஒப்புக்கொள்ள வேண்டாமா? இவர்கள் இருவரிடமிருந்தும் வாடிக்கையாளர் எந்த நாளில், எந்தக் காரணத்துக்காக நகர்ந்து உங்களிடம் வருவார் என்று அரைப் பக்கம் எழுதுங்கள்.

பாக்கெட்டுக்கு ₹31 செலவு, ₹60 விலை, ₹29 லாபம். இந்தக் கணக்காவது சரிதானே?

₹31ஐ நான் சரிபார்த்தேன். ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் சேர்ந்து சுமார் மூன்று கிலோ மாவு தரும். நீங்கள் போட்டிருக்கும் விலையில் ஒரு பாக்கெட்டுக்கு அரிசி ₹15, உளுந்து ₹11, வெந்தயம், உப்பு, மின்சாரம், தண்ணீர், பாக்கெட் எல்லாம் சேர்த்து ₹5. நியாயமான எண்கள். அதற்கு மேல்தான் எதையும் காணோம்.

நூறு பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம், நாளுக்கு 200 ஓடுகிறது என்ற அளவில். மூலப்பொருளும் பாக்கெட்டும் ₹3,100. வண்டி வாடகையும் டிரைவரும் நாளுக்கு ₹800 என்றால் நூறுக்கு ₹400. ஆட்டிக் கட்ட இரண்டு பேர், நாளுக்கு ₹1,200, நூறுக்கு ₹600. இடத்தின் வாடகை, குளிர் அறை மின்சாரம் நாளுக்கு ₹800, நூறுக்கு ₹400. மொத்தம் ₹4,500.

வரவைப் பாருங்கள். கடைக்காரருக்கு 15 சதவீதம் கொடுத்தால் பாக்கெட்டுக்கு ₹9 போய், உங்கள் கைக்கு ₹51 வரும். நூறில் 12 ரிட்டன் ஆனால் விற்றது 88. வரவு ₹4,488. அதாவது ₹12 நஷ்டம்.

அதே தொழில், அதே மாவு, ரிட்டன் 5 ஆனால் வரவு ₹4,845, லாபம் ₹345. ரிட்டன் ஆகும் ஒவ்வொரு பாக்கெட்டும் ₹51ஐத் தூக்கிக்கொண்டு போகிறது, ஏனென்றால் செலவு முழுவதும் ஏற்கெனவே ஆகிவிட்டது. அரிசி மூட்டைக்கு ₹50 பேரம் பேசுவதைவிட, ஞாயிறு எத்தனை பாக்கெட், செவ்வாய் எத்தனை பாக்கெட் எந்தக் கடைக்கு வைப்பது என்று கற்றுக்கொள்வதில் காசு அதிகம்.

ரிட்டன் 5 என்ற நல்ல நிலையிலேயே நாளுக்கு ₹690, முப்பது நாளும் ஓடினால் மாதம் ₹20,700. நிறுவனர்கள் நான்கு பேர். தலைக்கு ₹5,175. இந்த எண்ணை நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள்.

கடன் விஷயமும் உண்டு. முதல் நாளே யாரும் கையில் பணம் தரமாட்டார்கள். பில்லுக்குப் பில் என்று பேசுங்கள்: அடுத்த சரக்கு இறக்கும்போது முந்தைய பில் பணம். வாரக் கடைசியில் வாங்கிக்கொள் என்று விட்டால், நாளுக்கு ₹10,200 சரக்கு வீதம் ₹71,000க்கு மேல் கடைகளில் நிற்கும். அரிசிக்காரர் அவ்வளவு நாள் காத்திருப்பாரா?

இரண்டாம் ஆண்டில் நாளுக்கு 1,000 பாக்கெட் என்று போட்டிருக்கிறோம். ஜி.எஸ்.டி. வராது என்று நினைத்தோம்.

வரும். மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை ₹40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆயிரம் பாக்கெட்டில் 950 விற்றால் நாளுக்கு ₹48,450. மூன்று மாதத்துக்குள் ₹40 லட்சத்தைத் தாண்டிவிடுவீர்கள். இட்லி தோசை மாவுக்கு வரி 5 சதவீதம். விலை ₹60இலேயே நின்றால், உங்கள் ₹51க்குள்ளிருந்து ₹2.43 வரியாகப் போகும். மேலே ரிட்டன் 5 என்ற நிலையில் நூறுக்கு ₹345 லாபம் பார்த்தோமே, அதில் ₹231 வரிக்கே போய்விடும். வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் கொஞ்சம் திரும்பும், ஆனால் பெரிதாக இல்லை.

வாடகையும் குளிர் அறையும் ஐந்து மடங்கு ஆகாது, அது உங்களுக்குச் சாதகம். வண்டி மட்டும் ஐந்தாகும், நாற்பது கடைக்கு ஒன்று என்ற கணக்கு மாறாது. இதை வைத்து இரண்டாம் ஆண்டுப் பக்கத்தைப் புதிதாக எழுதுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவோ உரிமமோ முதல் பாக்கெட் விற்பதற்கு முன்பே வேண்டும். திட்டத்தில் அது ஆறாம் மாதத்தில் இருக்கிறது, முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள்.

செயலி செய்ய ₹4 லட்சம் ஒதுக்கியிருக்கிறோம்.

வேண்டாம். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் முந்தின நாள் ஆர்டர் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். முன்கூட்டியே சொல்லி வாங்குவதில் ரிட்டன் கிட்டத்தட்ட இல்லை, கடைக் கமிஷனும் இல்லை. அங்கே கை வலிக்கும் அளவுக்கு ஆர்டர் வந்தால் செயலியைப் பற்றிப் பேசலாம்.

அணி: நான்கு நண்பர்கள், ஆளுக்கு 25 சதவீதம். சண்டை வரக்கூடாது என்று சமமாகப் பிரித்தோம்.

சண்டை அதனால்தான் வரும். நால்வரில் இரண்டு பேர் வளாக நேர்காணலுக்கும் தயாராகிறார்கள் என்று நீங்களே போனில் சொன்னீர்கள். வேலை கிடைத்து அவர்கள் சென்னைக்குப் போய்விட்டால், பாதிக் கம்பெனி அங்கே இருக்கும், விடிகாலை மூன்று மணிக்குக் கிரைண்டர் போடும் ஆள் இங்கே இருப்பார்.

பங்கை ஒரே நாளில் கொடுக்காதீர்கள். நான்கு ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்படி எழுதுங்கள், ஓராண்டு முடியும் முன் விலகினால் எதுவும் இல்லை என்று வையுங்கள். இது புது நிறுவனங்களில் எல்லாரும் செய்வது, நட்பைச் சந்தேகிப்பதாக ஆகாது. அணிப் பக்கத்தில் ‘தலைமைச் சந்தை அதிகாரி’ போன்ற பட்டங்களை எடுத்துவிட்டு, யார் ஆட்டுகிறார், யார் வண்டியில் போகிறார், யார் பணம் வசூலிக்கிறார், யார் கணக்கு எழுதுகிறார் என்று எழுதுங்கள். இப்போதைக்கு வண்டிக்கு ஆளே இல்லை என்பது அப்போது தெரியும்.

நிதி: 10 சதவீதப் பங்குக்கு ₹25 லட்சம் கேட்கிறோம். அதிகமா?

அப்படிக் கேட்டால் உங்கள் கம்பெனியின் மதிப்பு ₹2.5 கோடி என்று சொல்கிறீர்கள். இதுவரை விற்பனை பூஜ்யம். முதலீட்டாளர் சிரிக்காமல் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார், அதுதான் ஆபத்து, காரணம் தெரியாமலே திரும்புவீர்கள்.

இந்த அளவுத் தொழிலுக்குப் பங்கு விற்க வேண்டிய அவசியமே இல்லை. மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் விசாரியுங்கள். சிறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்காக 2020இல் மத்திய அரசு தொடங்கிய பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் ₹10 லட்சம் மானியம். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா, இல்லையென்றால் அதற்குப் பதில் எது பொருந்தும் என்று அங்கேயே சொல்வார்கள். ஆனால் அது வங்கிக் கடனோடு சேர்ந்து வருவது. மானியம் முதலில் கைக்கு வரும் என்று நினைத்துக் கிரைண்டருக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். வங்கி மேலாளர் கேட்கப்போவதும் உங்கள் ₹60 விலையை இல்லை, மூன்று மாத விற்பனைக் கணக்கை.

எல்லாவற்றையும் திருத்தி அடுத்த வாரம் அனுப்பட்டுமா?

திட்டத்தை இப்போது தொடவேண்டாம். உணவுப் பாதுகாப்புப் பதிவை வாங்கிக்கொண்டு, இருபது கடையில் பதினைந்து நாள் மாவு வையுங்கள். ஒரு நீள நோட்டில் தினமும் எழுதுங்கள்: கடை, வைத்தது, விற்றது, திரும்பியது, ஏன் திரும்பியது, அன்றைக்குப் பெட்டி ஓடியதா, பணம் வந்ததா. ‘ஏன் திரும்பியது’ என்ற இடத்தில் உப்பியது, தேதி முடிந்தது, கடைக்காரர் உள்ளே தள்ளி மறைத்து வைத்தது என்று காரணத்தைத் தனித்தனியாக எழுதுங்கள், மூன்றுக்கும் மருந்து வேறு. அந்த நோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.